ஒன்பதாம் மாதத்துப் புள்ளி

ராத்தா தன் மகளை கிளினிக்குக் கொண்டுபோய் வந்த நாள் அது. வாசலில் காலெடுத்து வைக்கும்போதே உம்மம்மா கேட்டார்.

“புள்ளட நிறை எவ்வளவாம்?”

“7.3 கிலோ உம்மம்மா. போன மாசமும் அதுதான்.”

“அல்ஹம்துலில்லாஹ், குறையல்லதானே. எதிர்வீட்டுப் புள்ளைக்கு 6.9தானாம். அதுதான் பாவம், மெலிஞ்சு கிடக்கு.”

இரண்டு பிள்ளைகளுக்கும் வயது ஒன்பது மாதம். ஆனால் மிட்வைஃப் இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னது எங்கள் ராத்தாவைத்தான். எதிர்வீட்டுத் தாயை அடுத்த மாதம் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். நிறை கூடிய பிள்ளையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இதற்கான விடை ராத்தாவின் கையிலிருந்த இளஞ்சிவப்பு நிறப் புத்தகத்திலேயே இருந்தது.

நம் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார விருத்திப் பதிவேடு ஒன்று தரப்படுகிறது. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். தடுப்பூசித் திகதி பார்க்க மட்டும் அதைத் திறக்கிறவர்களே அதிகம். உள்ளே வளர்ச்சி வரைபு ஒன்று இருக்கிறது. கீழே இடமிருந்து வலமாக வயது மாதக் கணக்கில் செல்லும். பக்கவாட்டில் கீழிருந்து மேலாக நிறை கிலோகிராமில் ஏறும். பிள்ளையை நிறுத்த நாளில் வயதுக்கு நேரே மேலே போய், நிறைக்கு நேரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொரு மாதப் புள்ளியையும் அடுத்ததோடு இணைத்தால் வருவது அந்தப் பிள்ளையின் சொந்தக் கோடு.

வரைபில் ஏற்கனவே அச்சிட்ட வளைகோடுகள் சில உண்டு. இவை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகள். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து இவற்றை வரைந்தார்கள். ‘வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவு நமக்குப் பொருந்தாது’ என்று சொல்ல இதில் இடமில்லை.

இந்தக் கோடுகளின் பொருளை விளங்க, ஒரே வயதுள்ள ஆரோக்கியமான நூறு பெண் பிள்ளைகளை நிறைப்படி வரிசையில் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெலிந்தவர் முதலில், பருத்தவர் கடைசியில். சரி நடுவில் நிற்பவரின் நிறைதான் நடுக்கோடு. சாதாரண தரக் கணிதத்தில் நாம் படித்த இடையம் இதுதான். இதை 50ஆம் சதமணை என்றும் சொல்லலாம். அதற்குக் கீழே உள்ள −1 கோடு ஏறக்குறைய 16ஆவது இடம். −2 கோடு இரண்டாவது அல்லது மூன்றாவது இடம். −3 கோட்டுக்குக் கீழே ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பிள்ளைதான் இருக்கும். −2 கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் ‘நிறை குறைந்த பிள்ளை’ என்று பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதமணை என்பது பரீட்சைப் புள்ளி அல்ல. 16ஆம் சதமணையில் இருக்கும் பிள்ளை நூற்றுக்குப் பதினாறு எடுத்துத் தோற்றுப்போன பிள்ளையல்ல. சிறிய உடல்வாகுள்ள ஆரோக்கியமான பிள்ளை அங்கேதான் இருக்கும். வரிசையில் யாரோ ஒருவர் பதினாறாவதாக நிற்கத்தானே வேண்டும்!

இனி இரண்டு பிள்ளைகளின் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எதிர்வீட்டுப் பிள்ளை பிறக்கும்போது 2.6 கிலோ. மூன்றாம் மாதம் 4.8, ஆறாம் மாதம் 6.1, ஒன்பதாம் மாதம் 6.9. இந்தப் புள்ளிகள் எல்லாம் −1 கோட்டுக்கும் −2 கோட்டுக்கும் நடுவே விழுகின்றன. அவளுடைய கோடு அச்சிட்ட கோடுகளோடு சமாந்தரமாக, அவை ஏறும்போது தானும் ஏறிக்கொண்டு போகிறது. சிறிய பிள்ளைதான், ஆனால் தன் பாதையை விட்டு விலகாத பிள்ளை.

ராத்தாவின் மகள் 3.2 கிலோவில் பிறந்தாள். இரண்டாம் மாதம் 5.1, நான்காம் மாதம் 6.4, ஆறாம் மாதம் 7.3. எல்லாமே நடுக்கோட்டின் மேல் அப்படியே அமர்ந்த புள்ளிகள். பிறகு ஏழாம் மாதம் 7.4, எட்டாம் மாதம் 7.3, ஒன்பதாம் மாதமும் 7.3. கோடு படுத்துவிட்டது. ஆனால் அச்சிட்ட கோடுகள் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒன்பதாம் மாதத்தில் நடுக்கோடு 8.2 கிலோவுக்கு ஏறிவிட்டது, 7.3 இப்போது −1 கோட்டின் மேல் விழுகிறது. மூன்று மாதத்தில் ஏற வேண்டிய 900 கிராம் ஏறவில்லை. நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நின்றவள் பதினாறாவது இடத்துக்கு வந்துவிட்டாள். கோட்டைக் கடப்பது என்பது இதைத்தான்.

நிறை குறையவில்லை என்று உம்மம்மா சொன்னது உண்மைதான். புள்ளியும் இன்னும் −2 கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஒரு புள்ளியை மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆறாம் மாதத்துப் புள்ளியிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டு வந்தால்தான் தெரியும். −2 கோட்டைத் தொடும்வரை காத்திருந்தால் இன்னும் பல மாதங்கள் வீணாகும்.

கோடு படுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புள்ளியைத்தான். ஈர நப்கினோடு நிறுத்தாலும், தராசு பூச்சியத்தில் நில்லாவிட்டாலும், ஒரு மாதம் தள்ளிக் குறித்தாலும் கோடு பொய் சொல்லும். பெண் பிள்ளையின் நிறையை ஆண் பிள்ளையின் வரைபில் குறித்தால், அதே 7.3 கிலோ −2 கோட்டுக்குச் சற்று மேலே போய் நிற்கும். வீண் பயம்தான் மிஞ்சும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, முன்கூட்டிப் பிறந்த கிழமைகளை வயதில் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மிட்வைஃப் உடுப்பைக் கழற்றி இரண்டாம் முறை நிறுத்தார். அதே 7.3. நீளத்தையும் அளந்தார்; அது தன் பழைய கோட்டிலேயே இருந்தது. உணவு போதாதபோது முதலில் நிறைதான் நிற்கும். நீளம் பிறகுதான் பின்தங்கும். ஆகவே நாங்கள் பிந்திவிடவில்லை.

எல்லாக் கடத்தலும் ஆபத்தல்ல. தாய்க்கு நீரிழிவு இருந்து பெரிதாகப் பிறந்த பிள்ளை, முதல் மாதங்களில் மெல்ல இறங்கித் தன் உடல்வாகுக்குரிய கோட்டில் நிலைப்பதுண்டு. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் ஒரு புள்ளி சரிந்து, அடுத்த மாதம் மேலே வந்துவிடும். ஆனால் இரண்டு, மூன்று புள்ளிகள் தொடர்ந்து படுத்தால் காரணம் தேடத்தான் வேண்டும்.

மிட்வைஃப் கேட்ட முதற் கேள்வி, “ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன கொடுக்கிறீங்க?” என்பது. ராத்தா கொடுத்தது கஞ்சித் தண்ணீரும் மரக்கறி சூப்பும். தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் வடித்துத்தான் கொடுத்தார். வயிறு நிறைந்தது, ஆனால் அதில் இருந்தது பெரும்பாலும் தண்ணீர். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத அளவுக்குத் தடிப்பான உணவு வேண்டும். அன்றிலிருந்து சோற்றைப் பருப்போடு குழைய மசித்து, தேங்காய்ப்பாலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சேர்த்தோம். வாப்பா வாவியோரத்தில் வாங்கி வரும் மீனை அவித்து, முள்ளெடுத்துப் பிசைந்தோம். முட்டையும் சேர்ந்தது. தாய்ப்பாலை நிறுத்தவில்லை.

பத்தாம் மாதம் 7.6. பதினோராம் மாதம் 8.0. பன்னிரண்டாம் மாதம் 8.4. நடுக்கோடு அப்போது 8.9இல் இருந்தது, அவள் இன்னும் அதை எட்டவில்லை. ஆனாலும் −1 கோட்டிலிருந்து விலகி மேலே திரும்பியிருந்தாள்.

இப்போது கிளினிக் நாளில் உம்மம்மா நிறையைக் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்குகிறார். “கோடு ஏறுதா, படுத்திருக்கா?” என்றுதான் கேட்கிறார்.