நட்டு மறைக்கும், முள் காட்டும்

பின் பிரேக் கொஞ்சம் இறங்கிப் பிடிக்கிறது என்று தோன்றினால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். வாட்டர் சர்வீஸ் கடையிலோ பஞ்சர் கடையிலோ வண்டியை நிறுத்தி, “அண்ணே, பின் பிரேக்கைக் கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க” என்போம். அவரும் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று முடுக்குவார். பெடல் மறுபடி மேலேயே பிடிக்கும். பல நேரம் காசுகூட வாங்க மாட்டார். இப்படியே ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடும். அதற்குள் உள்ளே ஷூ எவ்வளவு தேய்ந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களில் தேய்மானத்தைக் காட்டவே ஒரு சின்னத் தகட்டு முள்ளை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். சேறு படிந்து கிடப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. அவற்றின் முதுகில் ஒட்டியிருப்பது லைனிங். பெடலை மிதித்தால் ராடு இழுபட்டு, வெளியே தெரியும் கை போன்ற ஆர்ம் திரும்பும். அதோடு சேர்ந்து உள்ளே கேம் திரும்பி, இரண்டு ஷூக்களையும் அகட்டி டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். பல வண்டிகளில் புது லைனிங்கின் கனம் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 2 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். லைனிங் தேயத் தேய, ஷூ டிரம்மைத் தொடுவதற்குக் கேம் இன்னும் அதிகம் திரும்ப வேண்டும். பெடல் கீழே இறங்குவது அதனால்தான். நட்டை முடுக்கினால், மிதிக்காதபோதே கேம் கொஞ்சம் திரும்பிய நிலையில் நிற்கும். காலுக்குப் பழைய பிரேக் மாதிரியே இருக்கும். லைனிங்கோ போனது போனதுதான்.

முள்ளின் அருமை இங்கேதான். அது கேமின் தண்டோடு சேர்ந்து திரும்புகிறது. பிரேக்கை முழுக்கப் பிடித்த நிலையில் கேம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அப்படியே காட்டும். நட்டை எத்தனை சுற்று முடுக்கினாலும் அந்த நிலை மாறாது.

பார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பைக்கில் பெடல் இருக்கும் பக்கம், பின்சக்கரத்தின் நடுவில் ஆர்ம் தெரியும். ஸ்கூட்டராக இருந்தால் பெரும்பாலும் இடப்பக்கம், சக்கரத்தின் அடிப்பகுதியில் குனிந்து தேட வேண்டும். ஆர்மின் அடியில் அம்பு முனை போல ஒரு தகடு நீண்டிருக்கும்; அது நகரும் பாதையில் ஒரு கோடோ முக்கோணமோ அச்சாக வார்க்கப்பட்டிருக்கும். பழைய துணியால் இரண்டையும் துடையுங்கள். இப்போது ஒருவர் பிரேக்கை முழு பலத்தோடு பிடிக்க, மற்றவர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் குறிக்கு முன்பே நின்றால் லைனிங் மிச்சம் இருக்கிறது. குறிக்கு நேராக வந்துவிட்டால், அல்லது அதைத் தாண்டினால், நட்டில் கை வைக்கும் காலம் முடிந்தது. மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

முள் தூரத்தில் இருந்து, பெடல் மட்டும் இறங்கியிருந்தால் நீங்களே சரிசெய்துகொள்ளலாம். பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை பெடலின் நுனி சும்மா இறங்கும் தூரம் பல பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். ஸ்கூட்டர் லீவரில் 10 முதல் 20. உங்கள் வண்டிக்கான அளவு கூடவே கொடுத்த புத்தகத்தில் இருக்கும். நட்டை அரை அரைச் சுற்றாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் மிதித்துப் பாருங்கள். நட்டின் முகப்பில் ஒரு வளைந்த பள்ளம் உண்டு. அது ஆர்மில் உள்ள உருளைப் பின்னில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமல் விட்டால், ஓட்டும்போது நழுவி உட்கார்ந்து அளவு மாறிவிடும். கடைசியாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அளவுக்கு மீறி முடுக்கினால் ஷூ எந்நேரமும் உரசி, டிரம் சூடேறி, மைலேஜும் லைனிங்கும் சேர்ந்து குறையும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வசதி 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் உண்டு. அதில் பின்நட்டை மட்டும் புத்தகத்தில் சொன்னபடி தொடலாம். இரண்டு பிரேக்கையும் இணைக்கும் கேபிளைத் தொட வேண்டாம்.

முள் குறிக்கு வந்த பிறகும் முடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? தினமும் இரண்டு பால் கேன்களோடு ஓடும் 100 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நட்டு முடுக்கி முடுக்கி ராடின் மரை முக்கால்வாசி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்ம் ராடுக்கு நேர்க்குத்தாக நிற்பதை விட்டு மிகவும் சாய்ந்துவிட்டதால், அதே பிரேக்குக்கு முன்பைவிட ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுபவர் சுமைதான் காரணம் என்று நினைக்கிறார். ஒருநாள் ‘கரகர’ சத்தம் வருகிறது. லைனிங் முடிந்து ஷூவின் உலோகம் டிரம்மைச் சுரண்டும் சத்தம் அது. சில நூறு ரூபாய் ஷூ செட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை இப்போது டிரம்மில் வந்து நிற்கிறது. பல பைக்குகளில் டிரம்மும் சக்கரத்தின் நடுப்பகுதியும் ஒன்றே என்பதால், செலவும் சக்கரத்தின் கணக்கில்தான் வரும். அதைவிட மோசம், அளவுக்கு மீறித் திரும்பிய கேம் திரும்பி வராமல் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இறுக்கிவிடக்கூடும்.

ஆர்மைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று சொல்பவர்களும் உண்டு. பல வண்டிகளில் முள் தகடு ஒரே நிலையில்தான் தண்டில் உட்காரும்படி செய்யப்பட்டிருப்பதால், ஆர்மைத் தள்ளி மாட்டினாலும் முள் பழைய இடத்தையே காட்டும்.

மெக்கானிக்கிடம் போனால் ஷூவோடு டிரம்மின் உள்விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 110 மில்லிமீட்டர் டிரம்முக்கு 111, 130-க்கு 131 என்பது வழக்கமான எல்லை. பல டிரம்களில் அந்த எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். முள் குறிக்கு வந்தும் லைனிங் கனமாக இருந்தால், டிரம்மோ கேமோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத விடாதீர்கள்; அது நுரையீரலுக்கு ஆகாது.

முள் சொல்லாத கோளாறு ஒன்றும் உண்டு. முள் தூரத்தில் இருக்கிறது, அளவும் சரி, ஆனாலும் ஸ்கூட்டரின் பின் பிரேக் வழுக்குகிறது என்றால் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். கியர் ஆயில் சீல் போய் எண்ணெய் டிரம்முக்குள் இறங்கியிருக்கலாம். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்தோ உப்புத்தாளால் தேய்த்தோ மீட்க முடியாது. சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஷூவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே எண்ணெயில்தான் ஊறும்.