இரட்டைப் புள்ளிக்குள் எத்தனை பூஜ்ஜியம்?

உங்கள் கைபேசியின் நெட்வொர்க் விவரங்களைத் திறந்து பார்த்தால், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட முகவரி தெரியலாம். அது ஐபிவி6 முகவரி. அதன் முழு வடிவத்தில் எட்டுக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 9 வரையிலான எண்களும் a முதல் f வரையிலான எழுத்துகளுமாக நான்கு குறிகள் வரும். கட்டங்களை முக்காற்புள்ளி பிரிக்கும். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொடக்கத்தைக் கொண்டு ஒரு முகவரி:

```
2001:0db8:0000:0000:0008:0800:200c:417a
```

இதை யாரும் இப்படியே எழுதுவதில்லை. இரண்டு வகையில் சுருக்குவார்கள். ஒரு கட்டத்தின் முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களை விட்டுவிடலாம்; 0db8 என்பது db8 ஆகும். முழுக்கப் பூஜ்ஜியமாக அடுத்தடுத்து வரும் கட்டங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு முக்காற்புள்ளிகளைச் சேர்த்துப் போடலாம். அப்போது மேலே உள்ள முகவரி 2001:db8::8:800:200c:417a என்று ஆகிவிடும்.

எத்தனை பூஜ்ஜியக் கட்டங்கள் மறைந்தன என்று இங்கே எங்கும் குறிக்கவில்லை. ஆனாலும் கணினி பிழையில்லாமல் விரித்துவிடுகிறது, ஏனென்றால் மொத்தம் எட்டு என்பது மாறாது. கண்ணுக்குத் தெரிபவை இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நான்கு, ஆக ஆறு. மீதி இரண்டு கட்டங்களும் பூஜ்ஜியம்.

இந்தக் கணக்கு நிற்பதே ஒரு விதியின் மேல்தான்: ஒரு முகவரியில் :: ஒரே ஒரு முறைதான் வரலாம். 2001:db8::1::5 என்று எழுதிப் பாருங்கள். தெரிபவை நான்கு, மறைந்தவை நான்கு. அந்த நான்கும் ஒன்றும் மூன்றுமாகவா, இரண்டிரண்டாகவா, மூன்றும் ஒன்றுமாகவா பிரிந்து கிடக்கின்றன? சொல்ல வழியே இல்லை. அதனால் ஒழுங்கான மென்பொருள் இதை முகவரியாகவே ஏற்காது.

கணினி மறுத்துவிட்டால் தப்பு உடனே தெரிந்துவிடும். மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் தப்புதான் ஆபத்தானது. முகவரி அமைப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 4291 ஆவணமே அப்படி ஒன்றைக் காட்டி எச்சரிக்கிறது. 2001:0db8:0000:cd30 என்று தொடங்கி, மீதி நான்கு கட்டங்களும் பூஜ்ஜியமாக உள்ள நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பூஜ்ஜியக் கட்டம், கடைசியில் நான்கு. அவசரத்தில் ஒருவர் இரண்டு இடத்திலும் பூஜ்ஜியங்களை எடுத்துவிட்டு 2001:db8::cd30 என்று எழுதிவிடுகிறார். அதை விரித்தால் கிடைப்பது இது:

```
2001:0db8:0000:0000:0000:0000:0000:cd30
```

நான்காம் கட்டத்தில் இருக்க வேண்டிய cd30 எட்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது. கணினி எந்தப் பிழையும் காட்டாது, ஏனென்றால் இதுவும் செல்லுபடியாகும் முகவரிதான். இதை ஃபயர்வால் விதியில் எழுதியிருந்தால், காக்க நினைத்த நெட்வொர்க் காவலில்லாமல் கிடக்கும். சரியான சுருக்கம் 2001:db8:0:cd30:: என்பதே. அதேபோல cd30-இன் கடைசி பூஜ்ஜியத்தை நீக்கி cd3 என்று எழுதினால் அது 0cd3 என்றுதான் விரியும். கட்டத்தின் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை மட்டுமே எடுக்கலாம். பின்னால் உள்ளது மதிப்பின் பகுதி.

சில முகவரிகளில் முடிவு மட்டும் பழைய ஐபிவி4 பாணியில் இருக்கும்: ::ffff:192.0.2.33. முக்காற்புள்ளியை மட்டும் எண்ணிப் பிரிக்கும் அரைகுறை நிரல் இங்கே தெரிவது இரண்டு கட்டம் என்று நினைத்து ஆறு பூஜ்ஜியக் கட்டங்களை நிரப்பிவிடும். உண்மையில் 192.0.2.33 மட்டுமே இரண்டு கட்டங்களுக்குச் சமம். அது c000:0221 ஆகும். ஆக, தெரிபவை மூன்று. நிரப்ப வேண்டியவை ஐந்து.

விரிப்பதற்கு விடை ஒன்றுதான். சுருக்குவதோ பல விதமாக முடியும். 2001:db8:0:0:1:0:0:1 என்பதை 2001:db8::1:0:0:1 என்றும் எழுதலாம், 2001:db8:0:0:1::1 என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே முகவரிக்கே விரியும். ஆனால் பதிவேட்டில் ஒரு வடிவம் இருக்க, மற்றதைத் தேடினால் எதுவும் கிடைக்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5952 ஒரே வடிவத்தைப் பரிந்துரைத்தது: சிறிய எழுத்துகளே வர வேண்டும், மிக நீளமான பூஜ்ஜிய வரிசையைச் சுருக்க வேண்டும், நீளம் சமமானால் முதலில் வருவதைச் சுருக்க வேண்டும், தனியாக நிற்கும் ஒற்றைப் பூஜ்ஜியக் கட்டத்துக்கு :: போடக் கூடாது. அதன்படி மேலே சொன்ன இரண்டில் முதலாவதே சரி.

சந்தேகம் வந்தால் பைத்தானில் சோதிக்கலாம்:

```
import ipaddress
print(ipaddress.ip_address("2001:db8::cd30").exploded)
```

முழு வடிவத்தில் முக்காற்புள்ளிகளோடு சேர்த்து எப்போதும் 39 குறிகள் இருக்கும். ஆனால் குறிகள் 39 இருப்பதே போதாது. நீங்கள் நினைத்த கட்டத்தில் நீங்கள் நினைத்த எண் நிற்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு முகவரிகளை ஒப்பிடும்போது இரண்டையும் விரித்த பிறகே ஒப்பிடுங்கள்.