பதினேழாம் பக்கத்தில் முதல் கதை

முதல் புத்தகம் போடுகிறவர்கள் கதைகளைப் பலமுறை திருத்துகிறார்கள், அட்டைக்கு நான்கு ஓவியங்கள் பார்க்கிறார்கள். சமர்ப்பணம், அணிந்துரை, என்னுரை, நன்றி ஆகியவற்றை மட்டும் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகப் பதிப்பாளருக்கு அனுப்புகிறார்கள். எது எங்கே வரும் என்று கேட்டால், 'வழக்கம்போலப் போட்டுவிடுங்கள்' என்பார்கள். அந்த வழக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் கடைசி நேரக் குழப்பத்தில் பாதி குறையும்.

கணக்கின் அடிப்படை இரண்டே விஷயங்கள். ஒற்றைப்படை எண் கொண்ட பக்கம் எப்போதும் வலப்புறம் வரும், இரட்டைப்படை இடப்புறம். இது முதலாவது. அச்சகத்தில் புத்தகம் தனித்தனிப் பக்கமாக அச்சாவதில்லை, ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது என்பது இரண்டாவது. நம் ஊரில் பரவலாக ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். ஆகவே 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். 162 பக்கம் ஆகிவிட்டால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தையோ அதில் ஒரு துண்டையோ ஓட்ட வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு கதைகள் கொண்ட ஒரு முதல் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். கதைகள் மட்டும் 141 பக்கம். முதல் பக்கத்தில் நூலின் பெயர் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும். இதை அரைத்தலைப்பு என்பார்கள். முற்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்கள் அட்டை கட்டாமல் தாள்களாகவே விற்பனைக்குப் போயின. மேல் தாள் அழுக்காகும் என்பதால், உள்ளே இருப்பது எந்த நூல் என்று அடையாளம் தெரிய அதில் பெயரை மட்டும் அச்சிட்டார்கள். அந்தத் தாள்தான் இன்றும் மிஞ்சி நிற்கிறது. அதன் பின்புறமான 2ஆம் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பைப் போடலாம், வெறுமனேயும் விடலாம்.

மூன்றாம் பக்கம் தலைப்புப் பக்கம். நூலின் முழுப் பெயர், வகை, ஆசிரியர் பெயர், பதிப்பகம் ஆகியவை இங்கே வரும். அதன் முதுகில், நான்காம் பக்கத்தில், பதிப்பு விவரம். இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. நூலகத்தில் புத்தகத்தைப் பட்டியலிடுபவர் அட்டையை நம்புவதில்லை, இந்தத் தாளின் இரு புறத்தையும்தான் பார்க்கிறார். முதல் பதிப்பு வெளிவந்த மாதமும் ஆண்டும், உரிமை யாருக்கு, பதிப்பகத்தின் முகவரி, அச்சகம், பக்க எண்ணிக்கை, விலை, 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எல்லாம் இங்கே இருக்க வேண்டும். உரிமை என்ற இடத்தில் ஆசிரியர் பெயர் இருக்கிறதா, பதிப்பகத்தின் பெயர் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நூலில் பலர் படிக்காமலே விடும் வரி அது.

ஐந்தாம் பக்கம் சமர்ப்பணம், ஆறு வெறுமை. ஏழாம் பக்கத்தில் பொருளடக்கம். தமிழில் பல நூல்களில் பொருளடக்கம் முன்னுரைகளுக்கெல்லாம் பிறகு வருகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அணிந்துரையும் என்னுரையும் பொருளடக்கத்தில் இடம்பெற வேண்டியவை; தனக்குப் பின்னால் இருப்பதைச் சொல்வதுதான் அந்தப் பக்கத்தின் வேலை. ஆகவே அது முதலில் வரட்டும்.

அடுத்து 9 முதல் 11 வரை அணிந்துரை, 13 முதல் 15 வரை என்னுரை. இந்த வரிசைக்குத் தமிழில் பழைய நியாயம் ஒன்று உண்டு. தன் நூலைத் தானே புகழக் கூடாது என்பது நன்னூலின் கருத்து. அதனால் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியனின் குருவோ, உடன் படித்தவனோ, மாணவனோ, உரைகாரனோ சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். பிறர் பேசிய பிறகு ஆசிரியர் பேசுகிறார். அணிந்துரை எழுதியவரின் பெயர் அந்த உரையின் இறுதியில் வரும். பொருளடக்கத்திலும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். அணிந்துரை ஒன்றே போதும். மூன்று பெரியவர்களிடம் கேட்டு மூன்றையும் போட்டால், வாசகர் முப்பது பக்கம் கடந்துதான் முதல் கதைக்கு வருவார். இரண்டாமவர் எழுதியதிலிருந்து நான்கு வரிகளைப் பின்னட்டைக்கு எடுத்துக்கொள்ளலாம், அவரிடம் சொல்லிவிட்டு.

இப்போது 16ஆம் பக்கம் வெறுமை. 17ஆம் பக்கத்தில், வலப்புறம், முதல் கதை. கதைகள் 157இல் முடிகின்றன. 159இல் கதைகள் வெளிவந்த இதழ்களின் பெயரும் மாதமும். மொத்தம் 160. பத்து ஃபாரம், ஒரு பக்கம்கூட வீணில்லை.

இந்த நேரத்தில்தான் அணிந்துரை வந்து சேரும். மூன்று பக்கம் என்று இடம் விட்டிருந்தோம், வந்ததோ ஆறு பக்கம். அது 14 வரை ஓடுகிறது. என்னுரை 15 முதல் 17 வரை போகிறது, 18 வெறுமை, முதல் கதை 19க்குத் தள்ளப்படுகிறது. பொருளடக்கத்தில் பன்னிரண்டு எண்களும் தவறாகின்றன. மொத்தம் 162 ஆகிவிட்டது. முன்பகுதிக்கு மட்டும் ரோமன் எண் கொடுத்து, கதைகளை 1இல் தொடங்கும் முறை ஆய்வு நூல்களில் உண்டு. அதில் கதைகளின் பக்க எண்கள் மாறாமல் தப்பிக்கும், ஆனால் கூடுதல் தாள் கூடுதல் தாள்தான்.

இதற்கு வழி என்னுரையிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் படித்தால், மூன்றாவது பக்கம் முழுக்க நன்றிதான்: கதைகளை வெளியிட்ட ஆசிரியர்கள், மெய்ப்புப் பார்த்த தோழி, அட்டை வரைந்தவர், மனைவி, அண்ணன். இந்தக் கதைகள் எப்படி எழுதப்பட்டன என்று தெரிந்துகொள்ள வாசகருக்கு அந்தப் பக்கம் தேவையில்லை. புத்தகத்தை முடித்தவருக்குத்தான் அந்தப் பெயர்களில் ஆர்வம் பிறக்கும். அதைத் தனியே 'நன்றி' என்று தலைப்பிட்டுப் பின்னால் கொண்டுபோனால் என்னுரை 15, 16 என இரண்டு பக்கத்தில் முடிகிறது. முதல் கதை மறுபடி 17க்கே வந்துவிடுகிறது. இதழ் விவரத்தை 158க்கு மாற்றி, எதிரே 159இல் நன்றியை வைக்கலாம். மொத்தம் 160தான். பொருளடக்கத்தில் கதைகளின் எண்கள் எதுவும் மாறவில்லை. முன்னே என்னுரையின் எண் 13இலிருந்து 15 ஆக வேண்டும், கடைசியில் நன்றிக்கு ஒரு வரி சேர வேண்டும்.

நன்றி பின்னால் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. கடைசி நாளில் ஒரு பெயர் நினைவுக்கு வந்தாலும் அந்த ஒரு பக்கத்தோடு திருத்தம் முடிந்துவிடும். ஆய்வு நூல் என்றால் பின்பகுதி நீளும். பின்னிணைப்பு, குறிப்புகள், துணைநூற்பட்டியல், இறுதியாகச் சொல்லடைவு என்று வரும். சொல்லடைவு கடைசியில் இருப்பதற்குக் காரணம், வாசகர் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பியதும் கைக்குச் சிக்க வேண்டும் என்பதே. எல்லாப் பக்க எண்ணும் உறுதியான பிறகுதான் அதைத் தயாரிக்கவும் முடியும்.

பிழை அதிகம் நுழைவது கணினித் திரையில் பார்த்துச் சரி சொல்லும்போது. இரண்டு பக்கங்களை அருகருகே காட்டும்போது, முதல் பக்கத்தைத் தனியாக நிறுத்தும் அமைப்பு இல்லையென்றால் 1உம் 2உம் சேர்ந்து வரும். தலைப்புப் பக்கம் இடப்புறம் இருப்பதாகத் தோன்றும். அதைச் சரிசெய்வதாக எண்ணி யாராவது ஒரு வெற்றுப் பக்கத்தைச் செருகினால் புத்தகம் முழுவதும் இடம் வலம் மாறிப்போகும். ஆகவே அச்சுக்கு ஒப்புதல் தரும் முன் நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, 16 பக்கங்களுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன வருகிறது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். மூன்றைத் திருப்பினால் நான்கில் பதிப்பு விவரம் இருக்க வேண்டும்.