பொம்பெயி பெண்ணின் தலையில் ஒரு துளை

வகுப்பறைக் கண்காட்சியின் விளக்க அட்டையில் கண்ணுக்குத் தெரிவது முதலில் வரவேண்டும், ஊகம் பின்னால் வரவேண்டும் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க இந்த வாரம் ஒரே ஒரு பொருள் போதும்.

1938இல் இத்தாலியின் பொம்பெயி நகர இடிபாடுகளில், ஒரு வீட்டிலிருந்து யானைத்தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. உயரம் சுமார் 24 செ.மீ. கழுத்தும் கைகளும் இடையும் கனத்த நகைகளால் நிறைந்திருக்கின்றன. இரு பக்கமும் சின்னஞ்சிறு தோழிகள் நிற்கிறார்கள். இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் இதைப் ‘பொம்பெயி லட்சுமி’ என்றே உலகம் அழைக்கிறது. மாணவர்கள் களிமண்ணில் நகல் செய்து மேசையில் வைத்தால் அட்டையின் தலைப்பும் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெயரைத் தலைப்பில் போடக்கூடாது என்பது என் கட்சி. திருமகளை அடையாளம் காட்டும் தாமரையும் நீராட்டும் யானைகளும் இதில் இல்லை. தோழிகளின் கையில் இருப்பது ஒப்பனைப் பொருள்கள். வழிபாட்டுக்குரிய தெய்வத்தைவிட, அலங்கரித்துக்கொள்ளும் பெண் அல்லது இயக்கி என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இன்று பல ஆய்வாளர்கள் சாய்வதும் அந்தப் பக்கம்தான்.

இதைவிடப் பெரிய சாட்சி, படங்களில் பெரும்பாலும் தெரியாத ஒன்று. தலை உச்சியிலிருந்து உடலுக்குள் கீழ்நோக்கி ஒரு துளை இறங்குகிறது. தனியாக நிறுத்தி வைக்கும் சிலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. துளை என்றால் அதில் ஒரு தண்டோ முளையோ செருகப்பட்டிருக்கும்; செருகப்பட்டிருந்தால் மேலே வேறொன்று பொருத்தப்பட்டிருக்கும். 24 செ.மீ. உயரத்துக்குச் சிறிய மேசையின் கால் என்பது பொருந்துகிறது, கண்ணாடியின் கைப்பிடி என்பதும் பொருந்துகிறது. எதுவானாலும், நாம் பார்ப்பது முழுப்பொருள் ஆகாது. தொலைந்துபோன ஒரு பண்டத்தின் உறுப்பு. அட்டையைப் படிக்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தை மறுபடி தலை நிமிர்ந்து பொருளைப் பார்க்க வேண்டுமானால், ‘தலையில் ஒரு துளை இருக்கிறது, கண்டுபிடி’ என்ற ஒரு வரி போதும். ஆகவே நகல் செய்கிறவர்கள் தயவுசெய்து துளையை அடைத்துவிடக் கூடாது. துளை போனால் சாட்சி போயிற்று.

ஊரறிந்த பெயரை விட்டால் குழந்தைகள் பிறகு நூல்களில் தேடுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரை ஒளிக்க வேண்டாம். ‘லட்சுமி என்று அழைக்கப்படுவது’ என இரண்டாவது வரியில் வைத்தால் தேடவும் உதவும், தீர்ப்பும் ஆகாது. காலத்துக்கும் இதே கவனம் தேவை. வெசூவியஸ் எரிமலை நகரைப் புதைத்தது கி.பி. 79இல். அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்பது உறுதி. செதுக்கியது எப்போது என்பதை எரிமலை சொல்லாது. அட்டையில் ‘கி.பி. 79க்கு முன்’ என்று எழுதலாம், ‘கி.பி. 79’ என்று எழுதினால் தவறு.

பிறந்த ஊர்தான் கடினமான இடம். மகாராஷ்டிரத்தின் போகர்தன் அகழாய்வில் இதே சாயலில், தோழிகளோடு கூடிய உடைந்த தந்த உருவம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதே தக்காணத்தின் பைத்தான், தேர் நகரங்களிலிருந்து சரக்குகள் பரிகாசா துறைமுகத்துக்கு வண்டிகளில் வந்ததை முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’ சொல்கிறது. அங்கிருந்து ஏற்றுமதியானவற்றில் தந்தமும் உண்டு. பரிகாசா இன்றைய குஜராத்தின் பரூச். இவை தக்காணத்தையே பிறப்பிடமாகச் சுட்டுகின்றன. அதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு: உருவத்தின் அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று கீறப்பட்டிருக்கிறது, அது வடமேற்கு இந்தியாவின் எழுத்து. என்றாலும் பல உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டும் தச்சன் எது எங்கே என்று தெரிய அடியில் குறி போடுவது உண்டு. அப்படியானால் எழுத்து, பூட்டியவனைக் காட்டுமே தவிர, செதுக்கியவனைக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளும் நிற்பதால் அட்டை ‘இந்தியா, தக்காணமாக இருக்கலாம்’ என்பதோடு நின்றுகொள்ள வேண்டும். முசிறி வழியாகப் போனது என்று எழுத நமக்கெல்லாம் கை துறுதுறுக்கும். இந்தப் பொருளை முசிறியோடு இணைக்கும் தடயம் எதுவும் கிடையாது.

எழுதிப் பார்த்தால் அட்டை இப்படி வரும்:

*தந்தப் பெண்ணுருவம் (களிமண் நகல்). ‘பொம்பெயி லட்சுமி’ என்று அழைக்கப்படுவது. யானைத்தந்தம், சுமார் 24 செ.மீ. செய்த இடம்: இந்தியா; தக்காணமாக இருக்கலாம். கிடைத்த இடம்: பொம்பெயி, இத்தாலி, 1938. காலம்: கி.பி. 79க்கு முன். தலையில் ஒரு துளை இருக்கிறது, கண்டுபிடி. இதன்மேல் என்ன பொருத்தியிருப்பார்கள்?*

பரூச்சிலிருந்து செங்கடல் வரை பருவக்காற்றோடு போன பாதையை வரைபடமாகப் போடுவது பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். துளை இடத்தைப் பிடித்துக்கொண்டது. வரைபடம் அடுத்த வாரம்.