உங்களுக்குத் தெரியுமா? முதல் நாள் விலை மலிவு விலை அல்ல!

வெளிநாட்டு விமானங்களுக்கான டிக்கெட் விற்பனை பெரும்பாலும் பயணத்துக்குச் சுமார் 11 மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால் அன்றைக்கே மிகக் குறைந்த விலை கிடைத்துவிடாது. ஒரே மாதிரியான எகானமி இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்துவைத்து, விற்பனை போகும் வேகத்தைப் பார்த்து மலிவான அடுக்கைத் திறப்பார்கள், மூடுவார்கள். சாதாரண நாட்களுக்கு இரண்டு முதல் ஐந்து மாதம் முன்பு தேடுவது நல்லது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இன்னும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

கடைசிக் கெடு கட்டண விதியிலேயே இருக்கும். ‘21 நாள் முன்னதாக’ என்றிருந்தால், டிசம்பர் 20 பயணத்துக்கு நவம்பர் 29-க்குள் வாங்கியாக வேண்டும். மறுநாள் பாதி விமானம் காலியாக இருந்தாலும் அந்தக் கட்டணம் பொருந்தாது.