கொழுப்பு இருக்க, பசி ஏன்?

"உடம்பில்தான் இவ்வளவு கொழுப்பு கிடக்கிறதே, பசி மட்டும் எப்படி வருகிறது?" பருமனானவர்களைப் பார்த்துப் பலர் கேட்கும் கேள்வி இது. கேலியாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் பிறவியிலேயே கொழுத்த எலிகளை வைத்து விடை தேடினார். அவற்றில் இரண்டு வகை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார். முதல் வகை எலி தின்பதை நிறுத்திப் பட்டினியாலேயே செத்தது. இரண்டாவது வழக்கம்போலத் தின்றது. முதல் எலிக்கு 'போதும்' என்னும் சேதியை உண்டாக்கத் தெரியாது. இரண்டாவதுக்கு அந்தச் சேதி ஏராளமாக ஊறினாலும் மூளையில் ஏறாது என்று கோல்மன் ஊகித்தார். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்தச் சேதியைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்களே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அது.

மனிதர்களில் முதல் எலியைப் போன்றவர்கள் மிக அபூர்வம். கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் அப்படி இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூத்தவளுக்கு 8 வயது, எடை 86 கிலோ. லெப்டின் ஊசி தொடங்கியதும் அவளுடைய அடங்காப் பசி தணிந்தது. ஓராண்டில் சுமார் 16 கிலோ குறைந்தாள்.

சாதாரணப் பருமனில் கதை வேறு. ரத்தத்தைச் சோதித்தால் ஒல்லியானவர்களைவிட லெப்டின் அதிகமாகவே இருக்கும். மேலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பெரிய பலனில்லை. ரத்தத்தில் கூடும் அளவுக்கு லெப்டின் மூளைக்குள் நுழைவதில்லை. நுழைந்ததையும் அங்குள்ள செல்கள் மங்கலாகவே உணர்கின்றன. இதற்கு 'லெப்டின் எதிர்ப்பு' என்று பெயர். பெயர் வைத்த அளவுக்குக் காரணம் தெளிவாகிவிடவில்லை என்பேன்.

எடை குறைக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான சங்கடம். 100 கிலோ இருப்பவர் சாப்பாட்டைக் குறைக்கிறார் என்று வையுங்கள். கொழுப்பு கரைந்தது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, சில நாட்களில் லெப்டின் சரிந்துவிடும். கூடும்போது அசட்டை செய்த மூளை, குறைந்ததும் உடனே விழித்துக்கொள்கிறது. கையிருப்பு எவ்வளவு என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று பசியைக் கிளப்பி, உடம்பின் செலவையும் சுருக்குகிறது. 90 கிலோவுக்கு வந்த பிறகும் இது ஓய்வதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடை குறைத்தவர்களுக்கு லெப்டினைப் பழைய அளவுக்கு ஏற்றியபோது, சுருங்கிய செலவு பெரும்பாலும் மீண்டது. கூடுதலாகக் கொடுத்தபோது பலிக்காத மருந்து, குறைந்ததை ஈடுகட்டக் கொடுத்தபோது வேலை செய்தது.

லெப்டின் மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பருமனுக்காக அல்ல. கொழுப்புத் திசுவே இல்லாமல், அதனால் லெப்டினும் இல்லாமல், ஓயாத பசியோடு வாழும் ஒருவகை நோயாளிகளுக்காக.