சிறு பொட்டலமும் அனுப்பும் கூலியும்

இருநூற்றைம்பது ரூபாய் விலையுள்ள இரண்டு துண்டுகளை வெளியூருக்கு அனுப்ப எண்பது ரூபாய் செலவாகுமானால், நெய்தவருக்கு என்ன மிஞ்சும்? கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் உள்ள நம் அங்கத்தினர் பலர் எழுப்பும் கேள்வி இது. முன்பு சிறு பொருள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி வந்தவர்களும் உண்டு. 2025-இல் அந்தச் சேவை, 1986-இல் தொடங்கிய விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபாலா, தனியார் கூரியரா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய வேளை வந்திருக்கிறது.

முதலில் எடையைக் கவனிப்போம். தராசு காட்டும் எடை ஒன்று. பொட்டலம் அடைத்துக் கொள்ளும் இடத்தைக் கொண்டு கணக்கிடும் எடை மற்றொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் கிலோவே இரண்டாவது எடை. இவ்விரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி வாங்குவது கூரியர் தொழிலில் பொதுவான வழக்கம். நம் துண்டுகளின் எடை 350 கிராம் என்று கொள்வோம். அவற்றை 30, 25, 12 சென்டிமீட்டர் அளவுள்ள அட்டைப் பெட்டியில் இட்டால் கணக்கு எடை 1.8 கிலோ ஆகிறது. அதே துண்டுகளை அழுத்தி மடித்து, 28, 22, 4 சென்டிமீட்டர் அளவில் உறையிட்டால் அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. துணிக்குப் பெட்டி தேவையில்லை. பெட்டிக்காகக் கொடுக்கும் கூலி வீண் செலவே.

அடுத்தது, திரும்பி வரும் பொட்டலம். பொருள் கிடைத்த பின் பணம் என்று அனுப்பினால், சில பொட்டலங்கள் வாங்கப்படாமல் திரும்புவது இயல்பு. அதற்குக் கூலி உண்டா, எவ்வளவு என்பதை முதற் பொட்டலத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும். தனியார் ஒப்பந்தங்களில் திரும்பும் பயணத்துக்கும் கூலி வாங்குவது சாதாரணம்.

கணக்கின் பொருட்டு ஓர் உதாரணம் கொள்வோம். மாதம் 20 பொட்டலங்கள். தபாலில் ஒன்றுக்கு 80 ரூபாய், கூரியரில் 65 ரூபாய். மூன்று திரும்புகின்றன, தபாலில் அதற்குத் தனிக் கூலி இல்லை, கூரியரில் மறுபடியும் 65 ரூபாய் என்க. தபால் செலவு 1600 ரூபாய். கூரியர் செலவு 1300-உடன் 195 சேர்ந்து 1495 ரூபாய். கள்ளக்குறிச்சி நகரில் இருப்பவருக்குக் கூரியரே லாபம். ஆனால் வெள்ளிமலையில் சாமை விற்பவர் கூரியரில் சேர்ப்பிக்க மாதம் இருமுறை நகருக்கு இறங்க வேண்டியிருந்து, முறைக்கு 80 ரூபாய் பஸ் செலவானால், தொகை 1655 ஆகிவிடுகிறது. இரு நாள் வேலை கெடுவது வேறு. அருகிலுள்ள தபாலாபீஸ் பார்சல் ஏற்குமானால், அவருக்குத் தபாலே மேல். கூலி விகிதம் ஒன்றுதான். இருக்கும் இடம் விடையை மாற்றிவிட்டது. ஆயினும் தபால் பை புறப்படும் நேரத்தை அறிந்து அதற்கு முன் சேர்ப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு நாள் போய்விடும்.

வாங்குபவரின் ஊரையும் பார்க்க வேண்டும். கூரியர் வண்டி செல்லாத கிராமமானால், அருகிலுள்ள நகரத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளச் சொல்வார்கள், அல்லது கூடுதல் கூலி கேட்பார்கள். பின்கோடைச் சொல்லி, 'வீடு வரை சேருமா?' என்று கேட்பது அவசியம்.

இறுதியாக, பொட்டலம் தொலைந்தால் யார் பொறுப்பு? பாரதி நிட்டிங் கம்பெனி ஜெர்மனிக்கு 1990-இல் கூரியர் மூலம் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. ஆனால் கம்பெனி கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பு 100 டாலருக்கு மேற்படாது என்று அச்சிடப்பட்டிருந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பையே உறுதி செய்தது. தபாலிலும் வரம்பு உண்டு. 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி, விதிகள் ஏற்கும் அளவுக்கே தபால் இலாகா பொறுப்பாகும்.

ஆகவே 250 ரூபாய்ப் பொட்டலத்துக்குச் சீட்டின் பின்புறத்தைப் படித்து, வரம்பை அறிந்து அனுப்பினால் போதும்; ஒன்று தொலைந்தாலும் தாங்கலாம். 3000 ரூபாய்ச் சேலையானால் இன்ஷூரன்ஸ் செய்தே அனுப்புக. ஒரு மாதம் பத்துப் பொட்டலங்களைத் தபாலிலும் பத்தைக் கூரியரிலும் அனுப்பி, அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, கூலி, திரும்பியவை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அவரவருக்கு ஏற்ற வழி எது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.